அறிமுகத்துக்கு முன் வரும் டீசர் கேப்ஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்கா, சிராங்கூன் ரோடு பக்கம் கடை வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் விற்பவர்களும் தீபாவளி நெருங்கும்போது என்னிடம் கேட்பவை இவை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

டீசர்னா "விரைவில்... காத்திருங்கள்"னு போட்டா போதாதா?

போதாது. அதைப் படித்தவருக்குப் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை. என்ன வருகிறது, யாருக்கு, எப்போது என்ற மூன்றில் ஒன்றாவது தெரிந்தால்தான் காத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. "விரைவில்" என்பதற்குத் தேதி கிடையாது, "சர்ப்ரைஸ்" என்பதற்கு உருவம் கிடையாது. முதல் தடவை சும்மா கடந்து போவார்கள். மூன்றாவது தடவையும் அதே வார்த்தை வந்தால் ஸ்டோரியை மியூட் செய்துவிடுவார்கள்.

டீசர் என்பது வாடிக்கையாளர் மனதில் ஒரு கேள்வியைப் போட்டு, அதற்கான பதில் எந்தத் தேதியில் வரும் என்று சொல்வது. அந்தக் கேள்வி அவருடைய வாழ்க்கையில் ஏற்கெனவே இருப்பதாக இருக்க வேண்டும். "எங்கள் புதுப் பொருள் என்னவாக இருக்கும்?" என்பது கடைக்காரரின் கேள்வி. அதில் வேறு யாருக்கும் அக்கறை இல்லை.

பத்து நாள் கவுண்ட்டவுன்னா பத்து போஸ்ட் போடணுமா?

வேண்டாம். நாளை எண்ணிக்கொண்டு போஸ்ட் எழுத உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்போதுதான் "இன்னும் 5 நாட்கள்!" என்று ஒரு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்ட படம் வருகிறது. பின்தொடர்பவர்களைச் சலிக்க வைப்பது நாட்களின் எண்ணிக்கை அல்ல, இந்த வெறும் எண்தான்.

முதலில் ஒரு தாளில் பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய விஷயங்களை எழுதுங்கள்: துணி, அளவு, நிறம், விலை, எப்படிப் பயன்படுத்துவது, எங்கே வாங்குவது. அவற்றில் தனியாக நின்றாலும் ஒருவருக்குப் பயன்படுகிறவை எத்தனை என்று பாருங்கள். அத்தனை போஸ்ட்தான். சின்னக் கடைக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு தேறும். பத்து நாளில் நான்கு டீசர், பிறகு அறிமுகப் போஸ்ட் என்றால் அது தாராளம்.

எதைச் சொல்றது, எதை மறைக்கிறது? எல்லாத்தையும் சொல்லிட்டா அன்னிக்கு என்ன இருக்கும்?

ஒன்றை மட்டும் மறையுங்கள். மற்ற எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், விலை உட்பட.

இதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அறிமுக நாளில் பொருள், விலை, அளவு, வாங்கும் வழி எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தால் வாங்க நினைப்பவர் அன்றைக்கே எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பார். விலையும் அளவும் முன்பே தெரிந்தவர் அன்று ஆம், இல்லை என்று மட்டும் முடிவெடுத்தால் போதும். மறைத்துவைக்கும் அந்த ஒன்று, பார்த்த மாத்திரத்தில் "அட, இதுவா!" என்று சொல்ல வைப்பதாக இருக்கட்டும். விலை அப்படிப்பட்டது அல்ல.

சரி, ஒரு கடைக்கு முழுசா எழுதிக் காட்டுங்களேன்.

ஒரு சின்னப் புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு தைத்தே வரும் தயார் புடவை ஒன்றை இறக்குகிறார்கள். பக்கவாட்டில் போனும் ஈஸி-லிங்க் கார்டும் வைக்க ஒரு பை தைத்திருக்கிறது. விலை 89 வெள்ளி, ஆறு நிறம், முதல் தவணையில் 40 புடவை. 2026 தீபாவளி நவம்பர் 8. பிளவுஸ் தைக்கக் கொடுக்கவும் நாள் வேண்டும் என்பதால் மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 17 சனிக்கிழமையை அறிமுக நாளாக வைக்கிறோம். அப்போது நவராத்திரி நடக்கும், சாயங்காலம் கொலு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே நேரம் காலை 11 மணி. ஏன் ஒரு வாரம் முன்னால் வைக்கவில்லை என்றால், அக்டோபர் 10 அன்று ஷாப்பி, லசாடா எல்லாம் 10.10 விற்பனை என்று போனை நிரப்பிவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே சின்னக் கடையின் குரல் கேட்காது. டீசரைக்கூட அன்று போட வேண்டாம்.

மறைக்க வேண்டிய ஒன்று: அந்தப் பை. முதல் போஸ்ட் அக்டோபர் 7, புதன். படத்தில் பொருளே இல்லை. எம்ஆர்டி கேட்டின் முன்னால் புடவை கட்டிய ஒருவர் கைப்பைக்குள் கார்டைத் துழாவிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கேப்ஷன்:

"புடவை கட்டினால் போனை எங்கே வைப்பீர்கள்? இடுப்பிலா, கைப்பையிலா, வீட்டுக்காரர் சட்டைப்பையிலா? எங்கள் பதில் அக்டோபர் 17, சனி காலை 11 மணிக்கு."

இரண்டாவது, 12ஆம் தேதி திங்கள். கொசுவத்தையும் இடுப்புக் கொக்கியையும் மட்டும் நெருக்கமாகக் காட்டும் படம்: "மடிப்பு தைத்தே வரும். பின் குத்த வேண்டாம். கொக்கியை மாட்டி முந்தானையைப் போட்டால் முடிந்தது. வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம். போன் எங்கே என்பதை மட்டும் அக்டோபர் 17, சனி காலை 11 மணிக்குச் சொல்கிறோம்." முதல் போஸ்ட்டைப் பார்க்காதவருக்கும் இது புரியும். பார்த்தவருக்கு இது அடுத்த படி.

மூன்றாவது, 14ஆம் தேதி புதன். ஆறு துணிகளையும் மடித்து அடுக்கிய படம்: "89 வெள்ளி. ஆறு நிறம், மூன்று அளவு. புடவையை எங்கே கட்டுவீர்களோ அந்த இடத்தில் டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். பாவாடை அளவு வேறு, இது வேறு. அளவு அட்டவணை இரண்டாவது படத்தில். அறிமுகம் அக்டோபர் 17, சனி காலை 11 மணி." நான்கிலும் அதிகமாகச் சேமித்துவைக்கப்படும் போஸ்ட் இதுவாகத்தான் இருக்கும், காரணம் அட்டவணை. பார்க்கக் கவர்ச்சியில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள். அளவு தெரியாமல் யாரும் தைத்த புடவையை வாங்க மாட்டார்கள்.

நான்காவது, 16ஆம் தேதி வெள்ளி. இதை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். முதல் போஸ்ட்டின் கீழே வந்த பதில்களிலிருந்து எழுதுங்கள்: "போன் பிளவுஸுக்குள் என்று சொன்னவர்கள் பலர். தோழியிடம் கொடுத்துவிட்டு நாள் முழுக்கத் தோழியைத் தேடுகிறேன் என்றார் ஒருவர். அக்டோபர் 17, சனி காலை 11 மணிக்கு விடை. முதல் தவணையில் 40 புடவை. கடையிலும் வாங்கலாம், இங்கே மெசேஜ் அனுப்பியும் வாங்கலாம்." கடை பேசியதைக் கேட்டதுபோக, இப்போது வாடிக்கையாளர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாங்கும் வழியும் சொல்லியாகிவிட்டது.

இந்த நான்கில் எதிலும் "இன்னும் இத்தனை நாள்" என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

"இன்னும் 3 நாள்"னு போட்டேன். ஆளுங்க ரெண்டு நாள் கழிச்சுத்தான் லைக் பண்றாங்க. ஏன் இப்படி?

இன்ஸ்டாகிராம் ஃபீட் நேர வரிசையில் வருவதில்லை. யாருக்கு எதை எப்போது காட்டுவது என்பதை அது கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் புதன்கிழமை போட்ட "இன்னும் 3 நாள்" ஒருவருக்கு வெள்ளிக்கிழமை தெரியும். அவர் திங்கட்கிழமை என்று எண்ணிக்கொள்வார். "நாளை" என்று எழுதினால் இன்னும் மோசம். ஆகவே ஃபீடில் நிற்கும் கேப்ஷனில் எப்போதும் தேதி, கிழமை, மணி. எப்போது படித்தாலும் சரியாக இருக்கும்.

எண்ணுவதற்குச் சரியான இடம் ஸ்டோரி. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பழையது குழப்பாது. அதிலேயே கவுண்ட்டவுன் ஸ்டிக்கர் இருக்கிறது. தேதியும் மணியும் கொடுத்துவிட்டால் அது தானாக ஓடும். பார்ப்பவர் அதைத் தட்டி நினைவூட்டல் வைத்துக்கொண்டால் நேரம் வந்ததும் அவருக்கு அறிவிப்பு போகும். விருப்பப்பட்டவருக்கு மட்டும் மணி அடிக்கும், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அந்த ஸ்டிக்கரையும் தினம் ஒட்டாதீர்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை போதும்.

தமிழ்ல எழுதணுமா, இங்கிலீஷ்லயா? ரெண்டும் போட்டா நீளமாயிடுது.

ஃபீடில் கேப்ஷனின் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், மற்றது தட்டினால்தான் திறக்கும். முழுக்கத் தமிழில் எழுதி, கீழே அதையே முழுக்க ஆங்கிலத்திலும் எழுதினால் தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கு அது எட்டவே எட்டாது. தமிழ் படிப்பவருக்கோ ஒரே விஷயம் இரண்டு தடவை வரும்.

நான் செய்வது: கேள்வியையும் கிண்டலையும் தமிழில் முதல் வரியிலேயே வைத்துவிடுவேன். தேதி, விலை, அளவு போன்ற விவரங்களைப் படத்தின் மேலேயே ஆங்கிலத்தில் சின்னதாகப் போடுவேன். கேப்ஷன் ஒரே மொழியில் ஓடும், இரண்டு தரப்புக்கும் தேவையானது கிடைத்துவிடும். படத்துக்கு மேலே நான்கு வரிக்கு மேல் எழுத்து ஏறினால் அது நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும், அங்கே மட்டும் கை நிற்கட்டும்.

விலை எவ்வளவுன்னு கமெண்ட்ல கேட்டா "பிஎம் பண்ணுங்க"னு சொல்லலாமா?

வேண்டாம். அங்கேயே சொல்லுங்கள். கேட்டவர் ஒருவர், பார்த்துக்கொண்டிருப்பவர் பலர். விலையை ஒளிக்கும் கடை ஆளுக்கொரு விலை சொல்லும் என்ற சந்தேகம் நம் ஆட்களுக்கு உடனே வரும்.

ஒருத்தங்க கமெண்ட்ல "பாக்கெட் வச்ச புடவையா?"னு கரெக்டா சொல்லிட்டாங்க. அழிச்சிடவா?

அழித்தால் அவருக்குத் தெரிந்துவிடும், கோபமும் வரும். விட்டுவிடுங்கள். "சனிக்கிழமை பார்க்கலாம் அக்கா" என்று ஒரு வரி போடுங்கள். மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "இல்லையே" என்று பொய் சொல்லிவிட்டு மூன்று நாள் கழித்து அதையே காட்டுவதுதான் தவறு.

சரியாக ஊகித்தவர் உங்களுக்காக வேலை செய்கிறார். அவர் சொன்னது சரியா என்று பார்க்கவே இன்னும் சிலர் வருவார்கள். பை இருக்கிறது என்று தெரிந்தாலும் அது எங்கே, எப்படி, வெளியே புடைக்குமா என்பது படம் வரும்வரை தெரியாது. வார்த்தையில் ஊகித்துவிட்டால் முழுவதும் கெட்டுவிடும் என்றால், மறைத்துவைக்க நீங்கள் தேர்ந்தெடுத்த விஷயம் பலவீனமானது என்று அர்த்தம்.

ஆளுங்க சலிச்சுட்டாங்களா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்களே.

லைக்கைப் பார்க்காதீர்கள். பழக்கதோஷத்தில் போடுபவர்கள் போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கணக்கை வணிகக் கணக்காக வைத்திருந்தால் இன்சைட்ஸ் பக்கம் திறக்கும். ஸ்டோரியில் இரண்டு எண்களைப் பாருங்கள்: பாதியிலேயே வெளியேறியவர்கள், விரலால் தள்ளி அடுத்த கணக்குக்குத் தாவியவர்கள். வழக்கமான ஸ்டோரியில் இந்த எண்கள் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். டீசர் ஸ்டோரியில் அது ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் சலிப்பு ஆரம்பித்துவிட்டது.

ஃபீட் போஸ்ட்டில் சேமித்தவர்களையும் பிறருக்கு அனுப்பியவர்களையும் பாருங்கள். மேலே சொன்ன அளவு அட்டவணைப் போஸ்ட்டில் இரண்டும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் ஆர்வம் உண்மையானது. எத்தனை பேர் பின்தொடர்வதை நிறுத்தினார்கள் என்பதும் அங்கேயே தெரியும். ஓரிருவர் போவது எப்போதும் நடப்பதுதான், டீசர் போட்ட நாட்களில் மட்டும் தொடர்ந்து கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் தெரியாது: மியூட். உங்களை மியூட் செய்தவர் பட்டியலில் பின்தொடர்பவராகவே இருப்பார். ஆனால் ஸ்டோரி பார்த்தவர்களின் பெயர்களில் வழக்கமாக முதலில் வரும் வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டு மூன்று நாளாகக் காணவில்லை என்றால் சந்தேகப்படலாம். அப்படித் தெரிந்தால் மீதி இருக்கும் டீசரில் ஒன்றை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் அறிமுகத்துக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரணப் போஸ்ட் ஒன்று, பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை எடுப்பது எப்படி என்பது மாதிரி, போகட்டும். உண்மையில் சலிப்பே இல்லாவிட்டாலும் டீசர்களுக்கு நடுவே இப்படி ஒன்று இருப்பது நல்லது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்லயும் இதையே அனுப்பிடவா?

நான்கையும் அனுப்பாதீர்கள். ஃபீடில் பிடிக்காததைக் கடந்து போகலாம். வாட்ஸ்அப்பில் அது அம்மாவின் மெசேஜுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அறிமுக நாளில் ஒரே ஒரு செய்தி: படம், விலை, வாங்கும் வழி. அதிகம் போனால் முந்தின நாள் இன்னொன்று. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள். கடையில் பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்வது அதனால்தான்.

இங்கே சட்டமும் உண்டு. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் "அழைக்க வேண்டாம்" பதிவேடு தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமல்ல, போன் எண்ணுக்கு வரும் வாட்ஸ்அப் விளம்பரத்துக்கும் பொருந்தும். டெலிவரிக்காக வாங்கிய எண்ணை அப்படியே விளம்பரப் பட்டியலில் கொட்டாதீர்கள். புது வரவு பற்றிச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு, நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

"40 மட்டுமே", "இன்னிக்கு மட்டும் இந்த விலை"ன்னு போட்டா வேகமா விக்குமே?

40 தான் இருக்கிறது என்றால் போடுங்கள், அது தகவல். கிடங்கில் 200 வைத்துக்கொண்டு 40 என்று போட்டால் அது பொய். "இன்றைக்கு மட்டும்" என்று சொன்ன தள்ளுபடி விலையைத் தெரிந்தே பல வாரம் நீட்டுவது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தின்படி நியாயமற்ற நடைமுறை. சட்டம் இருக்கட்டும், தேக்காவில் இரண்டு வாரம் கழித்து வந்து அதே விலையைப் பார்க்கும் அத்தை அடுத்த தீபாவளிவரை அதைச் சொல்லிக் காட்டுவார்.

எல்லாம் போட்டாச்சு, இப்ப சரக்கு வரத் தாமதம்னு சொல்றாங்க. என்ன பண்றது?

தெரிந்த அன்றே சொல்லுங்கள். "புடவைகள் வர ஒரு வாரம் தாமதம். புது நாள் அக்டோபர் 24, சனி காலை 11 மணி. விலையும் அளவும் முன்பு சொன்னபடியே." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழைய போஸ்ட்களின் கேப்ஷனையும் திருத்தித் தேதியை மாற்றிவிடுங்கள். ஃபீடில் பழைய போஸ்ட் பிந்திப் போய்ச் சேரும் என்பதை மேலே பார்த்தோம்.

கூடுதலாகக் கிடைத்த வாரத்தை இன்னும் நான்கு டீசரால் நிரப்பாதீர்கள். எண்ணிக்கையை மறுபடி பத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் இருப்பதிலேயே எரிச்சலூட்டுவது. இரண்டு, மூன்று நாள் அமைதியாக இருங்கள். சரக்கு கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் ஸ்டோரி ஒன்று போடுங்கள். சரக்கு கைக்கு வரும் முன்பு டீசரே ஆரம்பிக்காமல் இருப்பது இதைவிட நல்லது.

அறிமுகம் அன்னிக்கு என்ன கேப்ஷன் போடுறது? பழைய டீசரை எல்லாம் எடுத்துடணுமா?

விடை முதல் வரியிலேயே வர வேண்டும். "பத்து நாளாக நீங்கள் காத்திருந்த..." என்று தொடங்கினால் விடை, தட்டினால்தான் திறக்கும் பகுதிக்குள் போய்விடும். இப்படி எழுதலாம்: "பக்கவாட்டுத் தையலில் ஒரு பை. போன் உள்ளே போகும், வெளியே தெரியாது. போன் கனத்தில் புடவை இறங்குமா என்று கேட்பீர்கள்: பையை இடுப்புப் பட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கிறோம், இறங்காது. 89 வெள்ளி, ஆறு நிறம், இன்று 40 புடவை." படம் ஒன்று போதாது. போனை உள்ளே வைத்து நடந்து காட்டும் சின்ன வீடியோ வேண்டும், ஏனென்றால் கனத்தைப் பற்றிய சந்தேகம் படத்தில் தீராது.

பழைய டீசர்களை எடுக்க வேண்டாம். யாராவது பக்கத்தில் மேலே கீழே உருட்டும்போது முதல் கேள்வியைப் பார்ப்பார். அந்தக் கேப்ஷனின் கடைசி வரியை மட்டும் "விடை வந்துவிட்டது, பக்கத்தின் மேலே பின் செய்த போஸ்ட்டில் பாருங்கள்" என்று திருத்துங்கள், அறிமுகப் போஸ்ட்டைப் பின் செய்துவையுங்கள். 40ம் விற்றுத் தீர்ந்ததும் அதன் கேப்ஷனின் முதல் வரியில் அதையும் எழுதுங்கள், அடுத்த தவணைத் தேதி தெரிந்தால் சேர்த்து.